மைக் நல்லசாமியும் டேப்லெட் பெண்ணும்

என் அக்காள் வீட்டுக்காரர் நல்லசாமியைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய குரலில்தான் தொடங்க வேண்டும். அது இப்போது இல்லை. இருந்த காலத்தில் எங்களைப் படாத பாடு படுத்தியது.

மலேசியாவில் லிங்கிக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் அவர் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அது சம்பளத்துக்கு. மற்ற நேரமெல்லாம் மைக். கோயில் திருவிழா, கல்யாணம், பூப்பு நீராட்டு, பந்து விளையாட்டு, எது நடந்தாலும் மைக் அவர் கையில்தான். "இந்த மனுசனுக்கு எதுக்கு மைக்கு, சும்மா பேசுனாலே சாலைக்கு அந்தப் பக்கம் கேக்கும்" என்று கமிட்டியில் எல்லாரும் அலுத்துக்கொள்வோம். அவர் கேட்கமாட்டார். "பச்ச சட்ட போட்ட தம்பி! தேருக்குப் பின்னால போயி நில்லுலா! சாமி இடிச்சா கமிட்டி பொறுப்பில்ல!" என்று கத்துவார். தேரே ஒரு நொடி நின்றுவிடும்.

பரிசம் போடும் வீடுகளில் இவரை விட்டால் வேறு ஆளில்லை. எங்கள் பக்கத்தில் பரிசத்தன்று மாப்பிள்ளையின் அப்பா தாம்பாளத்தை நீட்டி, "பரியம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று சபையில் கேட்க வேண்டும். பெண்ணின் அப்பா, "பரியம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று தடவை. மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் தாம்பாளம் கை மாறும். நாலு வார்த்தைதான், ஆனால் பல அப்பாக்களுக்கு அந்த நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்போது நல்லசாமி அத்தான் முன்னால் வந்து அவர்களுக்குப் பதிலாகச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுச் சும்மா போவாரா? "மகளப் பெத்த வாய்க்கு நாலு வார்த்த பேசத் தெரியல பாரு" என்று சபை சிரிக்கச் சிரிக்கக் கேலி பேசுவார்.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், குரலை எடுத்துக்கொண்டார்கள். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு சின்ன வெள்ளைத் துணி. உதடு அசையும், நாக்கு அசையும். காற்று மட்டும் வாய்வரை வராது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அதை வைத்து ஒரு தடவை பேசிப் பார்த்தார். புல் வெட்டும் மெஷின் பேசுவது போல இருந்தது. கருவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

அவருடைய ஒரே மகள் ரதி சிரம்பானில் வேலை பார்க்கிறாள். தன்னுடைய பழைய டேப்லெட்டை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஒரு செயலி. கட்டத்துக்குள் எழுதிவிட்டு, திரையில் 'பேசு' என்று இருக்கும் பொத்தானைத் தொட்டால், எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கண்ணாடித் திரையில் எழுத அத்தானுக்கு வரவில்லை. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல். ஒன்றைத் தொட்டால் மூன்று எழுத்து விழும், சில நேரம் எதுவுமே விழாது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் புளூடூத் விசைப்பலகை ஒன்றை வாங்கி வந்து நான்தான் இணைத்துக் கொடுத்தேன். அந்தப் புண்ணியத்தைச் செய்த நாள் முதல் எனக்கு நிம்மதி போனது.

முதல் சண்டை குரலைப் பற்றி. அதிலிருந்த தமிழ்க் குரல் ஒரு பெண்ணுடையது. செய்தி வாசிப்பவளைப் போல நிறுத்தி நிறுத்தித் திருத்தமாகப் பேசுவாள். "கறிக்கு உப்பு பத்தல" என்று அத்தான் எழுத, அதை அவள் அத்தனை மரியாதையாகச் சொல்வாள். என் அக்காள் மயிலம்மாள் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

"தர்மா! யாருடா இவ, என் வீட்டுக்குள்ள வந்து எனக்கு சமையல் சொல்லிக் குடுக்குறா? ஆம்பள கொரல் இல்லியா இதுல?"

நான் தேடிப் பார்த்தேன். அந்தச் செயலியில் தமிழுக்கு அந்த ஒரு குரல்தான் இருந்தது. அத்தான் முகம் இருண்டுவிட்டது. இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார். "என் வாயில எவளோ ஒக்காந்து பேசுறா மச்சான்" என்று அவளே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

இரண்டாவது தொல்லை மொழி. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ரதி சேர்த்து வைத்திருந்தாள். தமிழுக்கு, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக விழும் அஞ்சல் முறை. 'கண்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு நீளக்கட்டையைத் தட்டினால் அடுத்த மொழிக்குப் போகும். இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மனிதர் பக்கத்தில் இருக்கும் 'கமாண்ட்' விசையை அழுத்துவார். அதோடு நீளக்கட்டையைத் தட்டினால் தேடும் பெட்டி திறக்கும். அவர் திரையைப் பார்க்காமல் விசையைப் பார்த்தே அடிப்பவர் என்பதால் முழு வாக்கியமும் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். "தலை வலிக்குது" என்று மனைவியிடம் சொல்ல நினைப்பார், டேப்லெட் தலைவலி மருந்தைத் தேடி நாலு பக்கம் காட்டும்.

இதற்கும் மேலே, எழுதும் மொழி வேறு, படிக்கும் குரல் வேறு. இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் மலாய்த் தாதியிடம் இங்கே வலிக்கிறது என்று சொல்ல, "saya sakit" என்று அடித்தார். விசைப்பலகை தமிழில் இருந்தது. "சய சகிட்" என்று திரையில் விழுந்தது. டேப்லெட் பெண் அதைச் சுத்தத் தமிழ் உச்சரிப்பில் படித்தாள். தாதி, "மாமா, இது என்ன பாஷை?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள். அத்தான் எழுத்தை மலாய்க்கு மாற்றினார், குரலை மாற்ற மறந்தார். எங்கள் டேப்லெட் பெண் மலாயை இங்கிலீஷ் மாதிரி கடித்துத் துப்பினாள். அதற்குள் தாதி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வாய் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியையே ஒரு கலக்குக் கலக்கியிருப்பார் என்று நினைத்து எனக்கும் மனம் கசந்தது.

ஒரு நாள் சாலையோர ஒட்டுக்கடையில் பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்திருந்தார். யாரோ அவரைப் பற்றியே தப்பாக ஒரு கதை சொல்ல, மறுத்துப் பேசத் திரையைத் தொட்டார். கட்டம் திறந்தது, எழுத்துகள் வரவில்லை. விசைப்பலகை வெளியே மோட்டார் சைக்கிள் கூடையில் கிடந்தது. இணைப்பு அறுந்துவிடாத தூரம்தான். விசைப்பலகை இணைந்திருக்கும்போது திரையில் தட்டுவதற்கான எழுத்துகள் தானாக எழும்பாது. இது அவருக்குத் தெரியாது, அன்றுவரை எனக்கும் தெரியாது. தட்டு தட்டு என்று கண்ணாடியைத் தட்டினார். கதை சொன்னவன் சொல்லி முடித்து, எல்லாரும் சிரித்து, தேத்தண்ணீர் குடித்து எழுந்தும் போய்விட்டார்கள். மேசையை ஓங்கிக் குத்தினார் பாருங்கள், கிளாஸ் கவிழ்ந்தது.

மூன்றாவது தொல்லை பேட்டரி. டேப்லெட் பழசு, சார்ஜ் சீக்கிரம் இறங்கும். அது போதாதென்று திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தார். திரை தானாக அணையும் ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டார். ரதி வார இறுதியில் வரும்போதெல்லாம் கத்துவாள்.

"அப்பா, ஆட்டோ லாக்க ஏன் ஆஃப் பண்றீங்க? பேட்டரி இப்பிடித்தான் போவும். எத்தன தடவ சொல்றது லா?"

அவர் எழுதுவார். "நான் எழுதி முடிக்கங்காட்டியும் இது தூங்கிருது. தூங்குனா மறுபடி எழுப்பணும். அதுக்குள்ள ஆளு போயிர்றான்."

அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை எங்கள் யாருக்கும் இருந்ததில்லை. நானே பாதியில் எழுந்து போயிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் ரதிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை கோலா கிளாவாங் பக்கம், பெயர் சுகுமாறன். அவனுடைய அப்பா ராமசாமி ஒரு காலத்தில் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், அளந்து பேசும் மனிதர். பரிசத்துக்கு எங்கள் கோயில் மண்டபத்தில் நாள் குறித்தார்கள். அன்று மாலையே அக்காள் என் வீட்டுக்கு வந்தாள்.

"தம்பி, சபையில நீதான் சொல்லணும். தாய்மாமன் சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அந்தப் பொட்டிய நம்பி என் மவ பரிசத்த வுட முடியுமா?"

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அத்தானிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை முறைத்துப் பார்த்தார். டேப்லெட்டை எடுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ரதியின் சின்ன வயசுப் படத்தைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு என்னைப் பார்த்துக் கையை வேகமாக ஆட்டினார். போ என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. "சரி, நீங்களே சொல்லுங்க. சபையில அந்தப் பொம்பள மக்கர் பண்ணா என்னக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் ஒத்திகை பார்த்த பார்ப்பு எஸ்டேட்டுக்கே தெரியும். "பரியம் எங்களுக்கு. பொண்ணு உங்களுக்கு" என்று எழுதி வைத்துவிட்டு, அதையே மறுபடி மறுபடி தொட்டுப் பேச வைப்பார். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வேலி வழியாக, "எத்தன பொண்ண குடுக்குறீங்க அண்ணே?" என்று கேட்டாள். முற்றுப்புள்ளி வைத்தால் அவள் எவ்வளவு நேரம் நிறுத்துகிறாள், வைக்காவிட்டால் எவ்வளவு வேகமாகப் போகிறாள் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். குறுக்கு விசைகளையும் அந்தச் சாக்கில் ஒழுங்காகப் படித்துக்கொண்டார். 'கமாண்ட்' விசையோடு A தட்டினால் எழுதியது அத்தனையும் நீலமாகத் தேர்வாகும், C தட்டினால் நகலாகும், Z தட்டினால் கடைசியாகச் செய்தது அழிந்து முன்பு இருந்தது திரும்பும். "மாமா, அப்பா இப்ப என்னவிட ஃபாஸ்ட்டா பண்றாரு" என்று ரதி என்னிடம் சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். கோபத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பரிசத்தன்று காலையில் நடந்ததைப் பிறகு கோத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டேப்லெட்டுக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றியிருந்தார். வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். எதற்கும் ஒரு நகல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தேர்வு செய்தார். அந்த நேரம் பார்த்துக் குளிக்கக் கூப்பிட்டார்கள். நகல் எடுக்கவில்லை. திரை எரிய, வாக்கியம் நீலமாக இருக்க, அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீடுகளில் சபைக்குப் போகும் எந்தத் தாம்பாளமும் முதலில் சாமி மேடைக்குப் போக வேண்டும். புடவை, வெற்றிலை, பழம், எல்லாம் சாமி முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வாசல் தாண்டும். அன்று புருஷனின் வாயே அந்த டேப்லெட்தான் என்று அக்காள் நினைத்திருக்கிறாள். அதையும் விசைப்பலகையையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, ஓரத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மேடையில் வைத்தாள். வெறும் தாம்பாளம் வைக்கக் கூடாதல்லவா? ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் மஞ்சள் பூசிய தேங்காயையும் விசைப்பலகைமேல் வைத்தாள். மேலே சிவப்புப் பட்டுத் துணியைப் போர்த்தினாள். கும்பிட்டுவிட்டுப் புடவை கட்டப் போய்விட்டாள்.

தேங்காய் M விசைமேல் உட்கார்ந்திருக்கிறது. நீலமாகத் தேர்வாகியிருந்த வாக்கியம் முதல் எழுத்திலேயே போய்விட்டது. அந்த இடத்தில் "ம்" விழுந்தது. பிறகு இன்னொரு "ம்". காலை முழுவதும் பட்டுக்கு அடியில் திரை முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்க, விசை அழுந்தியபடியே இருக்க, பேட்டரி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கிளம்பும் நேரத்தில் அக்காள் தேங்காயையும் பழத்தையும் மட்டும் வெற்றிலைத் தாம்பாளத்துக்கு மாற்றினாள். பட்டை விலக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. அத்தான் வேட்டி சட்டையில், கழுத்தில் புது வெள்ளைத் துணியோடு, பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். ராமசாமி தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்தி, தணிந்த குரலில், "பரியம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்றார்.

அத்தான் பட்டை விலக்கினார். அவர் கண் திரையில் இல்லை, ரதிமேல் இருந்தது. பொத்தானைத் தொட்டார்.

"ம்ம்ம்ம்ம்ம்ம்" என்றாள் டேப்லெட் பெண். விடாமல் சொன்னாள். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டுகிறவர்கள் போடும் அதே "ம்ம்". பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது மண்டபம் முழுக்கப் பரவியது. ரதி தலையைக் குனிந்துகொண்டாள். ராமசாமி சிரிக்கவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க "ம்", மேலே ஓரத்தில் பேட்டரி சிவப்பில், இரண்டு சதவிகிதம்.

"அழிங்க அத்தான், எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி..." என்று கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். இடது விரல் 'கமாண்ட்', வலது விரல் Z. ஒரு தடவை, இன்னொரு தடவை. "ம்" வரிசை வரிசையாகக் குறைந்தது. கடைசியாக ஒரு தட்டில், காலையில் எழுதிய வாக்கியம் அப்படியே வந்து நின்றது. அந்த அவமானத்துக்கு நடுவிலும் அந்த விரல்களுக்கு ஒரு விசைகூடத் தப்பவில்லை.

"சார்ஜர்! யார்கிட்டயாச்சும் சார்ஜர் இருக்கா?" என்று கத்தினேன். நாலு பேர் ஒயரை நீட்டினார்கள். எல்லாம் புதுப் போன்களின் ஒயர், பழைய டேப்லெட்டின் வாயில் ஒன்றும் நுழையவில்லை. வீட்டுக்குப் போய் எடுத்துவர மோட்டார் சாவியைத் தேடினேன். மாப்பிள்ளை வீட்டு மூதாட்டி ஒருவர், "ராகு காலம் பொறக்கப் போவுது, ஒக்காருப்பா" என்றார். உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

ராமசாமி முதலிலிருந்து கேட்டார். டேப்லெட் பெண், "பரியம் எங்களுக்கு. பொண்ணு உங்களுக்கு" என்றாள். சபை அடங்கியது. இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் சொன்னாள். நான் மூச்சை விட்டேன்.

மூன்றாவது தடவை அத்தான் தொட்டதும், "பரியம்" என்றாள். அதோடு திரை கறுத்துவிட்டது.

அவர் டேப்லெட்டின் ஓரத்துப் பொத்தானை அழுத்தினார். அழுத்திப் பிடித்தார். காலியான பேட்டரிப் படம் ஒரு முறை வந்து மறைந்தது. விசைப்பலகையை ஓங்கித் தட்டினார். ஒன்றும் இல்லை. எதிர்வரிசையிலிருந்து அக்காள் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். நான் எழுந்துவிட்டேன். தாய்மாமன் நான் இருக்கும்போது சபையில் இவர் எதற்கு இப்படித் தவிக்க வேண்டும்? வாயைத் திறந்தேன்.

அத்தான் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். டேப்லெட்டைப் பாயில் ஓரமாகத் தள்ளி வைத்தார். எழுந்தார். ராமசாமி நீட்டியிருந்த தாம்பாளத்தின் இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து பேசினார்.

சத்தம் இல்லை. கழுத்துத் துணிக்குப் பின்னால் காற்று சீறியது மட்டும் கேட்டது. ஆனால் அந்த வாய் அந்த வார்த்தைகளை இந்த மண்டபத்தில் எத்தனை வீட்டுக்காகச் சொல்லியிருக்கிறது! பரியம், எங்களுக்கு, பொண்ணு, உங்களுக்கு. ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் நிறுத்திச் சொன்னார். எங்கே ஏற்றுவார், எங்கே நிறுத்துவார் என்பதுகூட எங்களுக்குத் தெரிந்தது. அவர் எந்தெந்த அப்பாக்களுக்காகப் பேசிக் கேலி செய்தாரோ அவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண் மறைத்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

அவர் முடிக்கும்வரை ராமசாமி அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை. பிறகு, "கேட்டுச்சி சம்பந்தி" என்றார். தாம்பாளம் கை மாறியது.

சாயங்காலம் வீட்டில் ஒரே ரகளை. தேங்காய் விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. ரதி, "அம்மா, அது என்ன லோரியா, பூச போடுறதுக்கு?" என்று கேட்க, அக்காள், "சாமி முன்னால வச்சது ஒரு குத்தமா?" என்று அழ, ஆட்டோ லாக்கை நிறுத்தியது யார் தப்பு என்று நான் அத்தான் பக்கம் திரும்ப, மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். அத்தான் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்து, சார்ஜ் ஒயரில் மாட்டிய டேப்லெட் விழித்துக்கொள்ளக் காத்திருந்தார். விழித்தது. விசைப்பலகையை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

முதல் தடவையாக நாங்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். இரண்டு விரல். ஒரு எழுத்தை அழித்தார், மறுபடி எழுதினார். யாரும் எழுந்து போகவில்லை. முடித்துவிட்டு ரதியைப் பார்த்தார், பொத்தானைத் தொட்டார்.

"மொத ரெண்டு தடவ என் மவள இந்தப் பொம்பளதான் குடுத்தா. மூணாவது தடவ நான் குடுத்தேன்."

அதைச் சொன்னதும் அவள்தான்.